முதல் நாள் டிபன் டப்பாவில் வைக்கும் சீட்டு: கடிதமா, சொல்லா, படமா?

மே மாதக் கடைசியில் என் அக்காள் மகள் மூன்று சீட்டுகளை எழுதி, அவற்றை வரிசையாகப் படுக்கையின் மேல் வைத்துப் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தாள். அவளுடைய மகனுக்கு அப்போது மூன்று வயது ஒன்பது மாதம். ஜூனில் பள்ளி திறக்கும் நாளன்று எல்.கே.ஜி. வகுப்பில் சேர இருந்தான். "சித்தி, இந்த மூன்றில் எதை அவன் டப்பாவில் வைக்கட்டும்?" என்பதுதான் கேள்வி. பதினேழு ஆண்டுகள் மழலையர் வகுப்பில் நின்று, ஒவ்வொரு ஜூனிலும் முப்பது டப்பாக்களின் மூடிகளைத் திறந்துவிட்ட அனுபவம் எனக்கு இருப்பதால் அவள் என்னிடம் கேட்டாள். அன்றிரவு தொலைபேசியில் பேசியதைத்தான் சற்று ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதல் சீட்டு ஒரு கடிதம். "என் செல்லக் கண்ணனுக்கு, இன்று முதல் நீ பெரிய பையன். அம்மாவுக்கு நாள் முழுவதும் உன் நினைவாகவே இருக்கும். அழக் கூடாது. டப்பாவில் இருப்பதை எல்லாம் சாப்பிட்டுவிட வேண்டும். மாலையில் அம்மா வந்து உன்னை அழைத்துச் செல்வேன்." இரண்டாவது சீட்டில் "அம்மா" என்ற ஒரே சொல் இருந்தது, பக்கத்தில் சிவப்பில் ஒரு இதயம். மூன்றாவதில் எழுத்தே இல்லை. ஒரு வீடு, மேலே சூரியன், வாசலில் ஓர் அம்மாவும் ஒரு குழந்தையும் கை கோத்து நிற்கும் படம். மூன்றும் அன்போடு செய்யப்பட்டவை, அதில் ஐயமில்லை. ஆனால் மூன்றும் மூன்று வெவ்வேறு ஆட்களுக்கு எழுதப்பட்டவை என்பதை அவள் கவனிக்கவில்லை. கடிதம் ஆசிரியைக்கும் ஓரளவு தனக்கும், சொல் இன்னும் இரண்டு ஆண்டுகள் கழித்து வரப்போகும் மகனுக்கு, படம் மட்டுமே இப்போது இருக்கும் மகனுக்கு.

கடிதத்தைப் படிக்கப் போவது யார் என்பதிலிருந்து தொடங்கலாம். எல்.கே.ஜி. வகுப்பில் பத்தரை மணிக்குச் சிற்றுண்டி இடைவேளை விடும்போது, ஓர் ஆசிரியையும் ஓர் ஆயாம்மாவும் சேர்ந்து முப்பது குழந்தைகளைக் கவனிக்க வேண்டும். இருபது நிமிடத்தை முப்பதால் வகுத்தால் ஒரு குழந்தைக்கு நாற்பது விநாடி கிடைக்கிறது. அந்த நாற்பது விநாடிக்குள் பையின் ஜிப்பைத் திறந்து, டப்பாவின் கிளிப்பைத் தூக்கி, கை துடைத்து, தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகிக் கொடுத்தாக வேண்டும். முதல் நாளன்று இதற்கிடையே நான்கைந்து குழந்தைகள் அழுதுகொண்டிருக்கும், ஒரு குழந்தை கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று நிற்கும். இந்த நேரத்தில் ஐந்து வாக்கியக் கடிதம் ஒன்று டப்பாவிலிருந்து விழுந்தால், அதைப் பிள்ளைக்குப் படித்துக் காட்டுவது நடக்காது. ஆயாம்மா அதை நல்ல எண்ணத்தோடு பையின் முன்னறையில் செருகிவிடுவார், அல்லது துடைத்த காகிதத்தோடு சேர்த்துக் குப்பைக் கூடையில் போட்டுவிடுவார். நானே இரண்டையும் செய்திருக்கிறேன்.

ஒருவேளை படித்துக் காட்டினாலும் அந்தக் கடிதத்தின் வாக்கியங்கள் எப்படி வேலை செய்யும் என்று பார்க்க வேண்டும். பத்தரை மணி என்பது முதல் நாளின் ஒரு விசித்திரமான நேரம். ஒன்பது மணிக்கு வாசலில் அழுத பிள்ளைகளில் பெரும்பாலோர் அதற்குள் அடங்கி, பக்கத்திலிருக்கும் பொம்மையையோ பக்கத்துப் பிள்ளையின் செருப்பையோ பார்க்கத் தொடங்கியிருப்பார்கள். அப்போது போய் "அம்மாவுக்கு உன் நினைவாகவே இருக்கும்" என்று ஒருவர் உரக்கப் படித்தால், மறந்திருந்த அம்மா நினைவுக்கு வந்துவிடுவாள். அம்மாவும் வருத்தத்தில் இருக்கிறாள் என்ற செய்தியும் கூடவே வரும். தான் இங்கே இருப்பது தவறான ஏற்பாடு போலும் என்று எண்ண அந்த வயதுக்கு இவ்வளவே போதும். "அழக் கூடாது" என்பதும் அப்படித்தான். அழாமல் இருக்கும் பிள்ளைக்கு அது அழுகையை நினைவூட்டுகிறது. அழுகிற பிள்ளைக்குத் தான் தவறு செய்கிறோம் என்று சொல்கிறது. "எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட வேண்டும்" என்பதை நான் கொஞ்சம் கடுமையாகவே மறுத்தேன். முதல் நாளில் பிள்ளைகள் பாதி டப்பாகூடச் சாப்பிடுவதில்லை. பலர் ஒரு வாய் கடித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அந்தக் கட்டளையை வைத்தால், மாலையில் டப்பாவை அம்மா திறந்து பார்க்கும் நேரம் ஒரு விசாரணையாகிவிடும்.

கடைசி வாக்கியம்தான் எனக்கு மிகவும் உறுத்தியது. "மாலையில் அம்மா வந்து அழைத்துச் செல்வேன்" என்று எழுதியிருந்தாளே தவிர, அவள் வருவதாக இல்லை. அவளுக்கு அலுவலகம் மாலை ஐந்தரை வரை. பள்ளியோ முதல் இரண்டு வாரங்கள் பன்னிரண்டு மணிக்கே எல்.கே.ஜி. பிள்ளைகளை அனுப்பிவிடும் என்று சொல்லியிருந்தது. அழைத்து வரப் போவது என் அத்தான், அதாவது பிள்ளையின் தாத்தா, தன் ஸ்கூட்டரில். எழுதும்போது கையில் தானாக வந்த சொல் அது. அம்மாக்கள் எழுதும் சீட்டில் அம்மாதானே வருவாள்! ஆனால் மூன்றேமுக்கால் வயதுப் பிள்ளைக்கு அந்த நாள் முழுவதிலும் இருக்கும் ஒரே கேள்வி யார் வருவார், எப்போது வருவார் என்பதுதான். அந்தக் கேள்விக்குத் தவறான விடையை எழுதி வைத்தால், பன்னிரண்டு மணிக்குத் தாத்தாவைப் பார்த்து மகிழ வேண்டிய பிள்ளை அம்மா எங்கே என்று தேடும். மறுநாள் சீட்டை நம்பாது.

ஆகவே கடிதத்தை நாங்கள் விலக்கிவிட்டோம். தூக்கிப் போடச் சொல்லவில்லை. தேதி போட்டு, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் கோப்பில் வைக்கச் சொன்னேன். பன்னிரண்டு வயதில் அவன் படித்துக்கொள்வான். ஆசிரியைக்குத் தெரிய வேண்டியது ஏதேனும் இருந்தால், உதாரணமாகக் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பதற்குப் பிள்ளை வீட்டில் வேறு சொல் சொல்வான் என்றாலோ, நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது என்றாலோ, அதை டப்பாவுக்குள் வைக்கக் கூடாது. கைக்குறிப்பேட்டில் எழுதி, காலையில் நேரில் காட்டிச் சொல்லிவிட வேண்டும். டப்பா திறக்கும் நேரத்தில் அந்தச் செய்தி வந்து சேர்ந்தால் அது பெரும்பாலும் காலம் கடந்ததாகவே இருக்கும்.

இரண்டாவது சீட்டு, அதாவது ஒற்றைச் சொல் சீட்டு, கேட்பதற்கு எளிமையாகத் தோன்றினாலும் அதில் யோசிக்க நிறைய இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைகளும் சில சொற்களை அடையாளம் கண்டுகொள்வதுண்டு. அவர்கள் அதைப் படிப்பதில்லை, ஒரு முகத்தைப் பார்ப்பது போல முழு வடிவமாகப் பார்க்கிறார்கள். தங்கள் பெயர், வீட்டுச் சுவர் அட்டவணையில் ஆடு படத்துக்கு மேல் இருக்கும் எழுத்து, விஜயதசமியன்று தாத்தா மடியில் உட்கார்ந்து அரிசியில் விரலால் எழுதிய "அ" ஆகியவை அப்படித் தெரிந்தவை. அந்தப் பையனும் விஜயதசமிக்கு அரிசியில் எழுதியவன்தான். "அ" வை எங்கே கண்டாலும் கை நீட்டுவான். ஆகவே "அம்மா" என்ற சொல்லை அவன் அடையாளம் காணக்கூடும் என்று அவள் எண்ணியதில் பிழையில்லை.

ஆனால் அவள் எழுதியிருந்த விதத்தில் அவனால் கண்டுகொள்ள முடியாது. பெரியவர்களின் வேகக் கையெழுத்தில் "ம" வின் கீழ்க்கோடு வளைந்து வேறு ஏதோ எழுத்தாகிவிடுகிறது. "மா" வில் கால் தனியாக நிற்காமல் ஒட்டிக்கொள்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் புள்ளி வைப்பதை மறந்துவிடுகிறோம். நமக்குப் புள்ளி இல்லாவிட்டாலும் "அம்மா" தான், ஏனென்றால் நாம் சொல்லை முன்பே அறிந்து படிக்கிறோம். வடிவத்தை மட்டுமே அறிந்த பிள்ளைக்குப் புள்ளி போனால் முகத்தில் கண் போனது போல. எனவே சொல் சீட்டு எழுதுவதானால் அட்டவணையில் அச்சடித்திருப்பது போலவே, ஓர் எழுத்து ஒரு கட்டைவிரல் நகத்தை விடச் சற்றுப் பெரிதாக, எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு, புள்ளியை நிறைத்து வைத்து எழுத வேண்டும். பாதியை ஒரு நிறத்திலும் மீதியை வேறு நிறத்திலும் எழுதக் கூடாது. அதுவும் வடிவத்தைக் கலைக்கும்.

சொல் சீட்டின் உண்மையான குறை வேறு. அதை அடையாளம் கண்டுகொண்ட பிறகு பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது? "அம்மா" என்று ஒரு நினைவு கிடைக்கிறது, அவ்வளவே. அந்த நினைவை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதற்குச் சீட்டில் வழியில்லை. கடிதத்தின் இரண்டாம் வாக்கியத்துக்கு நான் சொன்ன அதே மறுப்பு இதற்கும் பொருந்தும், சற்றுக் குறைவாக. இதயப் படத்தைப் பற்றிக் கேட்டாள். அது பெரியவர்களிடையே வழங்கும் குறி. அந்த வயதில் அது வெற்றிலை வடிவம், அல்லது பலூன். வைப்பதால் கெடுதல் இல்லை, பயனும் இல்லை.

மூன்றாவது, படச் சீட்டு. இங்கேதான் நான் அதிக நேரம் பேசினேன், ஏனென்றால் சரியான திசையில் இருந்தது இது ஒன்றுதான். சிறு பிள்ளைகளுக்குக் கடிகார நேரம் தெரியாது, பன்னிரண்டு மணி என்பது அவர்களுக்கு வெறும் ஓசை. ஆனால் வரிசை தெரியும். குளித்த பிறகு சட்டை, சட்டைக்குப் பிறகு இட்லி, இட்லிக்குப் பிறகு செருப்பு என்று அவர்கள் நாளைக் கட்டுவது வரிசையால்தான். அந்த வரிசை கலைந்தால் கோபப்படுவார்கள் என்பதைப் பிள்ளை வளர்த்தவர்கள் அறிவார்கள். பள்ளியின் முதல் நாள் பயமுறுத்துவதன் ஒரு காரணம் அதன் வரிசை தெரியாமல் இருப்பது. இது எப்போது முடியும், இதற்குப் பிறகு என்ன வரும் என்பது பிள்ளைக்குத் தெரியாது. ஒரு சீட்டு செய்யக்கூடிய நல்ல வேலை அந்த வரிசையைக் காட்டுவதுதான்.

அவள் வரைந்திருந்த படம் வரிசை எதையும் காட்டவில்லை. வீடு, சூரியன், கை கோத்த அம்மாவும் பிள்ளையும் என்று, பிள்ளை இப்போது எங்கே இல்லையோ அந்த இடத்தைக் காட்டியது. அழகான படம், ஆனால் வகுப்பறையில் உட்கார்ந்து அதைப் பார்க்கும் பிள்ளைக்கு அது ஜன்னல் வழியாக வீட்டைப் பார்ப்பது போல இருக்கும். அதற்குப் பதிலாக மூன்று கட்டம் போடச் சொன்னேன். முதல் கட்டத்தில் டப்பா, அவனுடைய டப்பாவின் வடிவத்திலேயே, வட்டமாக. இரண்டாம் கட்டத்தில் மணி. மூன்றாம் கட்டத்தில் ஸ்கூட்டரும் தாத்தாவும். டப்பாவுக்குப் பிறகு மணி அடிக்கும், மணிக்குப் பிறகு தாத்தா வருவார். இவ்வளவுதான் செய்தி. இதில் அன்பு என்ற சொல்லே இல்லையே என்று அவள் சற்று வருந்தினாள். தாத்தா வருவார் என்பதை விட அந்த வயதுக்கு வேறென்ன அன்பு வேண்டும் என்று நான் கேட்டேன்.

படத்துக்கும் ஓர் எல்லை உண்டு. நாம் வரைவது ஸ்கூட்டர் என்பது நமக்குத்தான் தெரியும். ஆகவே சீட்டை முதல் நாளன்று முதன்முறையாகக் காட்டக் கூடாது. நாங்கள் இதற்கு மூன்று இரவுகளை எடுத்துக்கொண்டோம். இரவு உணவை அதே டப்பாவில் போட்டு, அதே பையில் வைத்து, சீட்டையும் உள்ளே வைத்து, பிள்ளையையே திறக்கச் சொல்ல வேண்டும். திறந்ததும் அம்மா விரல் வைத்து "டப்பா, மணி, தாத்தா" என்று சொல்ல வேண்டும். இரண்டாம் இரவு தாத்தா உண்மையிலேயே ஒரு சாப்பாட்டு மணியை அடித்துவிட்டு அறைக்குள் வந்தார் என்று கேள்விப்பட்டேன். மூன்றாம் இரவு பிள்ளை தானே சொன்னான், ஆனால் "டப்பா, தாத்தா, மணி" என்று. பரவாயில்லை என்றேன். இந்த ஒத்திகையில் இன்னொரு பயனும் கிடைத்தது. அவனால் டப்பாவின் இருபக்கக் கிளிப்பைத் திறக்க முடியவில்லை என்பது முதல் இரவிலேயே தெரிந்துவிட்டது. உடனே இழுத்தால் திறக்கும் மூடியுள்ள வேறு டப்பாவுக்கு மாற்றினார்கள். திறக்க முடியாத டப்பாவுக்குள் எந்தச் சீட்டை வைத்தும் பயனில்லை.

சொல்லையும் படத்தையும் சேர்க்கலாமா என்று அவள் கேட்டாள். சேர்க்கலாம், ஆனால் "அம்மா" வேண்டாம், மூன்றாம் கட்டத்தின் கீழே "தாத்தா" என்று எழுதலாம் என்றேன். அந்தச் சொல் தமிழில் தொடக்கக்காரருக்கு வாய்ப்பானது. ஒரே எழுத்து, இருமுறை கால், நடுவில் ஒரு புள்ளி. இடப்பக்கம் கொம்பு எதுவும் இல்லை. படிக்க முடியாவிட்டாலும் வடிவம் மனதில் நிற்கும். பல நாள் பார்த்தால் அது அவன் படிக்கும் முதல் சொற்களில் ஒன்றாகவும் ஆகலாம்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். நான் மேலே விலக்கியதெல்லாம் எல்.கே.ஜி. வயதுக்குத்தான். இரண்டு ஆண்டு மழலையர் வகுப்பு முடித்து, ஐந்து வயது நிறைந்து ஒன்றாம் வகுப்புக்குப் புதிய பள்ளியில் சேரும் பிள்ளைக்கு எழுத்துச் சீட்டுதான் பொருத்தம். தானே படித்தேன் என்ற பெருமை அந்த வயதுக்கு இட்லியை விடச் சுவையானது. ஆனால் வாக்கியத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ் எழுத்துகள் 247 என்று நாம் சொன்னாலும், தொடக்கத்தில் தடுமாற வைப்பவை குறிப்பிட்ட சில வகைகள்தான். அவற்றில் முதன்மையானவை ஒலியில் பின்னால் வரும் உயிரை எழுத்தில் முன்னால் காட்டும் கெ, கே, கை போன்றவை. இருபுறமும் குறி வரும் கொ, கோ ஆகியவை அதற்கும் மேல். "மாலையில் உன்னை அழைத்துச் செல்ல வருவேன்" என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லை, னை, ழை, செ, வே என்று ஐந்து இடங்களில் பிள்ளை கொம்பைப் பார்த்துவிட்டு அடுத்த எழுத்துக்குப் போய் மீண்டும் கொம்புக்குத் திரும்ப வேண்டும். இரண்டாவது சொல்லிலேயே களைத்துப் போகும். அதே செய்தியை "மணி அடிக்கும். அப்பா வருவார்." என்று எழுதினால் இடப்பக்கக் குறி ஒன்றுகூட இல்லை. ணி, டி, கு, ரு ஆகிய நான்கு மட்டுமே சற்று நிறுத்திப் படிக்க வேண்டியவை. நான்கு சொல்லில் வரிசையும் இருக்கிறது, வருபவரும் இருக்கிறார்.

ஆங்கில வழிப் பள்ளி என்பதால் ஆங்கிலத்தில் எழுதலாமா என்று சிலர் கேட்பார்கள். பிள்ளைக்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகள் இருபத்தாறும் தெரிந்திருக்கலாம். எழுத்து தெரிவதும் அந்த மொழியில் ஆறுதல் கிடைப்பதும் ஒன்றல்ல. அம்மா எந்த மொழியில் தூங்க வைப்பாளோ அந்த மொழியில்தான் அவளுடைய சீட்டும் பேச வேண்டும் என்பது என் கருத்து. பெங்களூரிலோ மும்பையிலோ இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஆசிரியைக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே என்ற கவலை வரும். படச் சீட்டானால் அந்தக் கவலையும் இல்லை.

எதில் எழுதுவது, எங்கே வைப்பது என்பதைச் சிறிய விஷயமாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான சீட்டுகள் கெட்டுப்போவது அங்கேதான். அவள் முதலில் எண்ணியிருந்தது ஒரு வண்ணக் காகிதத்தில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டுவது. நான் என் வீட்டில் அதைச் செய்து பார்த்துவிட்டுத்தான் வேண்டாம் என்றேன். எவர்சில்வர் டப்பாவில் சூடான எலுமிச்சை சாதத்தைப் போட்டு, ஸ்கெட்ச் பேனா, ஜெல் பேனா, பால்பாயின்ட் பேனா, பென்சில் ஆகிய நான்காலும் எழுதிய ஒரு துண்டை மூடியின் உட்புறம் ஒட்டி மூன்று மணி நேரம் விட்டேன். ஆவி மூடியில் குளிர்ந்து நீராகிச் சொட்டியதில் ஸ்கெட்ச் பேனா எழுத்து முழுவதும் கரைந்து, ஒரு சொட்டு நீலம் சாதத்தின் மேலும் விழுந்திருந்தது. ஜெல் பேனா எழுத்து படர்ந்து பாதி தெரிந்தது. பால்பாயின்ட் ஓரளவு நின்றது. பென்சில் எழுத்து சற்றும் கலையவில்லை, ஆனால் காகிதம் மஞ்சளாகி ஒரு முனை சாதத்துக்குள் விழுந்து கிடந்தது. மிளகாய்ப் பொடியும் எண்ணெயும் தடவிய இட்லியாக இருந்தால் காகிதம் எண்ணெய் குடித்து, இருபுறமும் தெரியும் கண்ணாடி போல ஆகிவிடும்.

மை கரைவது எழுத்துக்கு மட்டும் கேடல்ல. அச்சு மையில் உடலுக்கு ஒவ்வாத பொருள்கள் இருப்பதால்தான் உணவைச் செய்தித்தாளில் பொதிந்து கொடுக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகள் தடை செய்கின்றன. நம் சீட்டு செய்தித்தாள் அல்லதான். ஆனாலும் எழுதிய காகிதம் எதுவும் உணவைத் தொடக் கூடாது என்ற அளவில் அந்த எச்சரிக்கையை எடுத்துக்கொள்வது நல்லது. ஸ்டேப்ளர் பின், ஜிகினாத் தூள், உதிரும் ஒட்டுப் பொட்டு ஆகியவை டப்பாவுக்கு அருகிலேயே வரக் கூடாது. மூன்று வயதுப் பிள்ளை கையில் கிடைத்ததை வாயில் வைத்துவிடக் கூடும்.

ஆகவே சீட்டை டப்பாவுக்கு வெளியே, சாப்பாட்டுப் பைக்கு உள்ளே வைக்க வேண்டும். அதிலும் சரியான இடம் மடித்த கைத்துண்டுக்கும் டப்பாவின் மூடிக்கும் நடுவே. பையைத் திறந்ததும் ஆயாம்மா முதலில் எடுத்து மடியில் விரிப்பது துண்டைத்தான். அதை எடுத்தவுடன் சீட்டு டப்பாவின் தலைமேல் படுத்திருக்கும், அதைத் தள்ளாமல் டப்பாவைத் திறக்க முடியாது. காகிதத்துக்குப் பழைய கல்யாணப் பத்திரிகையைப் போன்ற பொருள் வேறில்லை. அட்டை கெட்டியாக இருக்கும், பின்பக்கம் வெறுமையாக இருக்கும், எல்லார் வீட்டிலும் அடுக்கடுக்காக இருக்கும். பளபளப்புப் பூச்சு உள்ளதை மட்டும் தவிர்க்க வேண்டும், அதில் பென்சில் ஏறாது. சீட்டுக் கட்டின் ஒரு சீட்டளவு வெட்டி, மூலைகளைக் கத்தரித்து வளைத்துவிட்டால் போதும். கறுப்புப் பென்சிலால் அழுத்தி வரைந்து மெழுகுக் கிரேயானால் நிறம் தீட்டினால் நீர் பட்டாலும் கலையாது.

அரசுப் பள்ளியில் சேரும் பிள்ளைகளுக்கு டப்பா என்பதே பெரும்பாலும் இல்லை. 1982 ஜூலையில் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் மதிய உணவும், 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் சிற்றுண்டியும் தொடக்கப் பள்ளியிலேயே கிடைக்கின்றன. அங்கே பிள்ளை வீட்டிலிருந்து தட்டு கொண்டுபோனால் சீட்டைத் தட்டுப் பையில் வைக்கலாம். தட்டும் பள்ளியிலேயே இருந்தால் பென்சில் பெட்டிதான் இடம். முதல் கட்டத்தில் டப்பாவுக்குப் பதில் தட்டை வரைய வேண்டும், அவ்வளவே மாற்றம்.

சீட்டே வேண்டாமா என்ற நான்காவது வழியையும் அன்று பேசினோம். ஒத்திகையின்போதே சீட்டைக் கண்டு அழும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு அதை வைக்கக் கூடாது. வாசலில் ஒரே முறை "டப்பா, மணி, தாத்தா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவது நல்லது. சீட்டு வைத்தால் தினமும் வைக்க வேண்டியிருக்குமே என்ற தயக்கமும் நியாயமானதுதான். எழுத்துச் சீட்டுக்குத் தினமும் புதிய வாசகம் தேட வேண்டும். படச் சீட்டை ஒரே அட்டையாகப் பல நாள் வைக்கலாம், வரிசை மாறாத வரையில். அழைத்துச் செல்பவர் மாறும் நாளில் மட்டும் மூன்றாம் கட்டத்தை மாற்றியாக வேண்டும். இதை மறப்பதுதான் படச் சீட்டில் நேரக்கூடிய பெரிய தவறு.

பள்ளி திறந்த அன்று மாலை அவள் தொலைபேசியில் அழைத்தாள். பத்தரை மணிக்கு அவன் சீட்டை எடுத்துப் பார்த்தானாம், ஆயாம்மாவிடம் காட்டினானாம், இரண்டு இட்லியில் ஒன்றைச் சாப்பிட்டானாம். அதன் பிறகு அட்டையைப் பைக்குள் வைக்க மறுத்து, பன்னிரண்டு மணி வரை கையிலேயே வைத்திருந்திருக்கிறான். மணி அடித்து வாசலுக்கு வந்தவன் தாத்தாவைப் பார்த்தான், ஸ்கூட்டரைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான். பிறகு ஆசிரியையிடம், இது தப்பு, தாத்தா ஸ்கூட்டர் சாம்பல் நிறம், அம்மா சிவப்பு அடித்துவிட்டாள் என்று புகார் சொன்னானாம். வீட்டில் சாம்பல் நிறக் கிரேயான் இல்லை, சித்தி, கறுப்பை லேசாகத் தேய்த்தால் சரியாக வருமா என்று கேட்கத்தான் அவள் அழைத்திருந்தாள்.